குறுணல் கூடுவதை முன்கூட்டியே பிடிக்க: அரிசி மில்லுக்கு ஒரு கட்டுப்பாட்டு வரைபடம்

வன்னியில் நெல் குற்றும் சிறிய மில் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கோ, அப்படியொரு மில்லைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவருக்கோ இது உதவும். தேவையானவை சதுரக் கொப்பி, பென்சில், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு சுளகு. கணினி இருந்தால் கணக்கு விரைவாக முடியும். இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

மில்லில் அளக்கக்கூடியவை பல. நான் இங்கே ஒன்றை மட்டும் எடுக்கிறேன்: குற்றிய அரிசியில் குறுணல் எத்தனை வீதம் என்பது. காசு நழுவிப் போகும் இடம் இதுதான். முழு அரிசியாக விற்க வேண்டியது குறுணல் விலைக்குப் போகிறது. அதைவிட மோசம், அது ஒரே நாளில் கூடுவதில்லை. இன்றைக்கு 7 வீதம், நாளைக்கு 7.2, நாளையின்றைக்கு 6.9, பிறகு 7.4 என்று ஏறி இறங்கிக்கொண்டே மெல்ல மேலே போகும். ஒவ்வொரு நாளும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. கடைக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து முகம் சுளிக்கும்போதுதான் தெரியும். மேல் எல்லையும் கீழ் எல்லையும் போட்ட வரைபடத்தின் வேலை அதற்கு முன்னரே உங்களுக்குச் சொல்வது. 1924 மே மாதத்தில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு பக்கக் குறிப்பாகத் தொடங்கி வைத்த முறை இது. தொலைபேசிக் கருவிகளுக்காக வந்தது, நெல்லுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் அளவை ஒழுங்காக்குங்கள்

வரைபடம் பிழைப்பது பெரும்பாலும் கணக்கில் அல்ல, அளவில். எது குறுணல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். முழு அரிசியின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்தது எல்லாம் குறுணல் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு விதமாகவும் வைக்கலாம், ஆனால் வைத்ததை இடையில் மாற்றக் கூடாது. முழு அரிசி, முக்கால் அரிசி, அரை அரிசி மூன்றையும் ஒரு மட்டையில் ஒட்டித் தராசுக்கு மேலே தொங்கவிட்டால் யார் பிரித்தாலும் ஒரே கண்ணோடு பிரிப்பார்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 5,000 மணி இருக்கும். அவ்வளவு இருந்தும், ஒரே மூட்டையிலிருந்து இரண்டு முறை அள்ளினால் இரண்டு விடைகள் வரும். அள்ளுகிற கையில் அகப்படுகிறது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு. அதனால் ஒரே இடத்தில் ஒரே தடவை அள்ளாமல், மெசின் ஓடும் நேரத்தில் நாளுக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 50 கிராம் எடுங்கள். அரிசி விழுகிற வாயிலேயே பிடிக்க வேண்டும். மூட்டையின் மேற்பக்கத்திலிருந்து அள்ளினால் சரிவராது, குறுணல் கீழே இறங்கிவிடும். நான்கையும் சேர்த்தால் 200 கிராம். அதைச் சுளகில் கொழித்தால் குறுணலில் பெரும்பகுதி ஒதுங்கும், மிச்சத்தைக் கையால் பொறுக்கலாம். குறுணல் 14.2 கிராம் வந்தால் 7.1 வீதம். ஒரு நாளைக்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிரித்த 200 கிராமைத் திரும்பக் கலந்து இன்னொருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையில் 0.2 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வரைபடத்தைத் தொடங்க வேண்டாம். பிரிக்கிற முறையைத் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரைவது மெசினின் படம் அல்ல, பிரித்தவரின் கையின் படம்.

இன்னொரு கட்டாயம்: ஒரு வரைபடத்துக்கு ஒரு வகை நெல்தான். புழுங்கலையும் பச்சையையும் ஒரே தாளில் போடக் கூடாது. பச்சை அரிசி இயல்பாகவே கூட உடையும். மொட்டைக்கறுப்பனையும் நாட்டு நெல்லையும் கலக்கவும் வேண்டாம். ஊராரின் நெல்லை ஒவ்வொரு மூட்டையாகக் கூலிக்குக் குற்றுகிற மில்லுக்கு இந்த முறை சரிவராது. அங்கே இலக்கம் ஆடுவது மெசினால் அல்ல, வருகிற நெல்லால். சொந்தமாக நெல் வாங்கி, அவித்துக் காயவைத்துக் குற்றுகிற மில்லுக்குத்தான் இது.

இருபது நாள்

கிளிநொச்சிப் பக்கம் புழுங்கல் நாட்டரிசி போடுகிற ஒரு மில் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்த இலக்கங்கள் இவை, வேலைநாள் வரிசையில்:

6.8, 7.0, 7.4, 7.2, 6.5, 6.9, 7.1, 7.7, 7.3, 6.9, 7.0, 6.4, 6.6, 7.2, 7.5, 7.1, 6.7, 7.3, 7.6, 6.8

இந்த இருபது நாளும் மெசினில் கை வைக்காமல் வழமைபோல ஓட விடுங்கள். இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டமும் இருக்கட்டும். எந்த லொறி நெல், காய்ந்த நெல்லின் ஈரப்பதன் எவ்வளவு, யார் மெசினில் நின்றார், எதைத் திருகினார், எதை மாற்றினார் என்று எழுதுங்கள். இந்தக் கட்டத்தை எழுத யாருக்கும் பிடிக்காது. ஆனால் பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவது இலக்கத்தைவிட இதுதான்.

இனிக் கணக்கு. இருபதையும் கூட்டினால் 141.0. இருபதால் பிரித்தால் 7.05. இது நடுக்கோடு.

அடுத்தது, ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்திய நாளுக்கும் உள்ள வித்தியாசம். 6.8-இலிருந்து 7.0 என்றால் 0.2, 7.0-இலிருந்து 7.4 என்றால் 0.4, 7.4-இலிருந்து 7.2 என்றால் 0.2. ஏறியதா இறங்கியதா என்று பார்க்க வேண்டாம், வித்தியாசம் மட்டும் போதும். இருபது நாளுக்குப் பத்தொன்பது வித்தியாசம் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 7.8, சராசரி 0.41. அந்தச் சராசரியை 2.66-ஆல் பெருக்கினால் 1.09. நடுக்கோட்டோடு கூட்டினால் மேல் எல்லை 8.14, கழித்தால் கீழ் எல்லை 5.96.

2.66 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அடுத்தடுத்த நாள்களின் சராசரி வித்தியாசத்தை 1.128-ஆல் பிரித்தால் அந்த வேலையின் நியம விலகல், அதாவது இலக்கம் நடுவிலிருந்து வழமையாக எவ்வளவு விலகும் என்ற அளவு, கிடைக்கும். அதைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் கோடு போடுகிறோம். மூன்றை 1.128-ஆல் பிரித்தால் 2.66. ஏன் இரண்டு மடங்கு போதாது? இரண்டு மடங்கில் போட்டால் ஒன்றுமே மாறாத மெசின்கூட நூறு நாளில் ஐந்து நாளளவில் கோட்டைத் தாண்டிக் காட்டும். மாதத்துக்கு ஒரு பொய்ச் சத்தமாவது வரும். இரண்டாம் பொய்ச் சத்தத்தோடு ஆட்கள் வரைபடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். மூன்று மடங்கில் அது ஆயிரத்தில் மூன்றளவுக்குக் குறைகிறது.

எக்செல்லில் செய்பவர்கள் இலக்கங்களை B2-இலிருந்து B21 வரை போட்டு இப்படிச் செய்யலாம்:

```
C3: =ABS(B3-B2)        (C21 வரை இழுக்கவும்)
E1: =AVERAGE(B2:B21)
E2: =AVERAGE(C3:C21)
E3: =E1+2.66*E2
E4: =E1-2.66*E2
```

இங்கே பலர் விடுகிற பிழை ஒன்று உண்டு. எக்செல்லில் `STDEV` இருக்கிறதே, அதை எடுத்து மூன்றால் பெருக்கினால் என்ன என்று நினைப்பார்கள். அந்தக் கணக்கு எல்லா நாளையும் ஒரே குவியலாகப் பார்க்கிறது. இருபது நாளுக்குள்ளேயே இலக்கம் மெல்ல ஏறியிருந்தால் அந்த ஏற்றமும் விலகலுக்குள் சேர்ந்து எல்லைகள் அகன்றுவிடும். நீங்கள் பிடிக்க நினைத்த கள்ளனுக்கே வேலி விலகி வழிவிட்ட மாதிரி. அடுத்தடுத்த நாள் வித்தியாசத்தை எடுத்தால் மெல்லிய ஏற்றம் அதில் பெரிதாக ஒட்டாது.

வரைவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொப்பியைக் குறுக்காகப் பிடித்து, கீழே நாள், பக்கத்தில் வீதம். நடுக்கோடு நீலம், இரண்டு எல்லையும் சிவப்பு. அறுபது நாளுக்கு இடம் விட்டுக் கோடுகளை நீட்டிவிடுங்கள். இருபது புள்ளிகளில் ஏதாவது எல்லைக்கு வெளியே நின்றால் குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள். அன்றைக்கு மழையில் நனைந்த நெல் என்றோ பெல்ற் அறுந்தது என்றோ இருந்தால் அந்த நாளை நீக்கித் திரும்பக் கணக்குப் பாருங்கள். காரணம் ஒன்றும் இல்லாவிட்டால் நீக்கக் கூடாது. எங்கள் உதாரணத்தில் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

கடைக்காரரின் எல்லை வேறு, இது வேறு

கடைக்காரர் 10 வீதக் குறுணல் வரை எடுப்பார் என்று பேச்சு இருக்கலாம். அந்தக் கோட்டை இந்தத் தாளில் போடாதீர்கள். அது அவருடைய பொறுமையின் எல்லை. 8.14 உங்கள் மெசின் இன்றைய நிலையில் இயல்பாக எங்கே வரை ஆடும் என்பதன் எல்லை. 10-ஐயும் போட்டால் 8.5 வந்த நாளில் “இன்னும் இடம் இருக்குத்தானே” என்று யாராவது சொல்வார்கள். இடம் இருக்கிறது, உண்மை. ஆனால் மெசினில் ஏதோ மாறியிருக்கிறது, அதுவும் உண்மை. திருத்துவதற்குக் காலம் இருக்கும்போதே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இருபத்தோராம் நாளிலிருந்து

கோடுகள் போட்ட பிறகு வருகிற நாள்கள் இவை:

7.1, 7.3, 6.9, 7.2, 7.4, 7.3, 7.5, 7.2, 7.6, 7.5, 7.8

கடைசி இலக்கம் 31-ஆம் நாளினுடையது. 7.8 மேல் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. முதல் இருபது நாளிலேயே ஒருமுறை 7.7 வந்திருக்கிறது. தனியே பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் தாளைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்: 24-ஆம் நாளிலிருந்து எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன. ஒன்றும் மாறாத மெசினில் ஒரு புள்ளி மேலே விழுவதும் கீழே விழுவதும் சரிபாதி. எட்டும் தொடர்ந்து மேலே விழ 256-இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே விதி இது: எல்லையைத் தாண்டிய ஒரு புள்ளி, அல்லது நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள். இரண்டில் எது வந்தாலும் நின்று பார்க்க வேண்டும். வேறு விதிகளும் உண்டு. புதியவர் இந்த இரண்டோடு நிற்பது நல்லது. விதி கூடக்கூடப் பொய்ச் சத்தமும் கூடும்.

இந்த ஏற்றம் இதே வேகத்தில் போயிருந்தால் மேல் எல்லையைத் தாண்ட இன்னும் சில நாள் ஆகியிருக்கும். எட்டுப் புள்ளி விதி அந்த நாள்களை மிச்சப்படுத்துகிறது. இந்த எட்டு நாளின் சராசரி 7.44. பழைய நடுக்கோட்டைவிட ஏறத்தாழ 0.4 வீதம் கூட. குற்றிய அரிசியில் ஒரு தொன்னுக்கு நான்கு கிலோ முழு அரிசி குறுணலாகப் போகிறது.

விதி சத்தம் போட்டதும் உடனே மெசினைத் திருகப் போகாதீர்கள். முதலில் அதே மாதிரியைத் திரும்பக் கொழித்து அளவு சரியா என்று பாருங்கள். தராசில் தெரிந்த எடையொன்றை வைத்துப் பாருங்கள். பிறகு குறிப்புக் கட்டத்தை 24-ஆம் நாளுக்கு முன்னிருந்து வாசியுங்கள். எங்கள் உதாரணத்தில் ஈரப்பதன் எல்லா நாளும் 13-க்கும் 14-க்கும் இடையில் இருக்கிறது, அதில் பிழையில்லை. லொறியும் இடையில் ஒருமுறை மாறியிருக்கிறது, ஆனால் மாறிய நாளில் புள்ளி தாவவில்லை. கண்ணில் படுவது வேறு ஒன்று. 23-ஆம் நாள்: “அரிசியோடை நெல்லு வருது, சில்லு கொஞ்சம் இறுக்கினது.” 26-ஆம் நாள்: “சில்லு இறுக்கினது.” 28, 30: அதே வசனம்.

கேட்டால் மெசினில் நிற்பவர், “நெல்லு கலந்து வந்தது அண்ணை, இறுக்கினாப் போகும் எண்டு இறுக்கினனான்” என்பார். அவர் செய்தது பிழையென்றும் சொல்ல முடியாது, வழமையாக எல்லோரும் செய்வது. ஆனால் உள்ளே நடப்பது இது. உமி நீக்கும் மெசினில் இரண்டு றப்பர் றோல்கள் எதிரெதிராக, ஒன்று விரைவாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுகின்றன. அந்த வேக வித்தியாசம்தான் நெல்லின் உமியை உரிக்கிறது. விரைவாகச் சுற்றும் றோல் முதலில் தேயும். தேய்ந்து விட்டம் குறையும்போது இரண்டு றோல்களினதும் மேற்பரப்பு வேகம் ஒன்றையொன்று நெருங்குகிறது, உரிக்கிற பலம் குறைகிறது, உமி போகாத நெல் அரிசியோடு வருகிறது. அதை ஈடு செய்யச் சில்லை இறுக்கினால் இடைவெளி ஒடுங்கி, உரிப்பதற்குப் பதிலாக நசிக்கிறது. அரிசி உடைகிறது. தேய்வு நாளுக்கு நாள் மெல்லக் கூடுவதால் குறுணலும் மெல்லவே கூடுகிறது. வரைபடத்தில் மெல்லிய சரிவு தெரிந்தால் தேய்கிற பொருளொன்றைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே செய்ய வேண்டியது இரண்டு றோல்களின் விட்டத்தையும் அளப்பது. றப்பர் மிச்சம் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம். இல்லாவிட்டால் புதிதாகப் போட வேண்டும். கழற்றும்போது றோலின் முகத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் நெல் றோலின் அகலம் முழுக்கப் பரவி விழவில்லை. அதைத் திருத்தாமல் புது றோல் போட்டால் அதுவும் அப்படியே தேயும். மாற்றிய பிறகு 32-ஆம் நாளிலிருந்து 6.9, 7.2, 6.7 என்று புள்ளிகள் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் விழத் தொடங்கினால் பிடித்த காரணம் சரி.

சரிவு அல்லாமல் ஒரே நாளில் தாவினால் தேட வேண்டிய இடம் வேறு. அதற்கும் ஒரு எல்லை உண்டு. சராசரி வித்தியாசத்தை 3.267-ஆல் பெருக்குங்கள், எங்கள் உதாரணத்தில் 1.34. ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு அதைவிடத் தாவினால் அது தேய்வு அல்ல. பெரும்பாலும் களத்தில் நடந்தது. பங்குனி வெயிலில் அவித்த நெல்லை மெல்லியதாகப் பரப்பி, கிண்டாமல், விரைவாகக் காயவிட்டால் மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஈரப்பதமானி 13.5 என்று நல்ல இலக்கம்தான் காட்டும், மெசினுக்குள் போனதும் உடையும். ஈரப்பதன் மிகக் குறைந்த நெல்லும் இப்படித்தான் நொறுங்கும்.

கீழ் எல்லைக்குக் கீழே புள்ளி விழுந்தால் மகிழ்ச்சிப்பட்டுவிட்டு விடக்கூடாது. குறுணல் 5.8 வந்தால் முதலில் மாதிரி எங்கே எடுத்தது என்று கேளுங்கள். குறுணல் பிரிக்கும் சல்லடைக்குப் பிறகு எடுத்திருந்தால் அது வேறு கதை. மாதிரி சரியென்றால் அன்றைக்கு என்ன வித்தியாசமாக நடந்தது என்று கட்டாயம் எழுதிவையுங்கள். நெல்லை நிழலில் ஆறவிட்டுக் குற்றியிருக்கலாம், அதை இனி ஒவ்வொரு நாளும் செய்யலாமே.

ஒவ்வொரு புள்ளிக்கும் திருகாதீர்கள்

எல்லைக்குள்ளே ஆடுகிற புள்ளிக்கு மெசினைத் திருகுவது வேலையைக் கெடுக்கும். 7.5 வந்தது என்று கொஞ்சம் தளர்த்துவது, 6.7 வந்தது என்று கொஞ்சம் இறுக்குவது அக்கறை போலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும் பங்கு அள்ளுகிற கையாலும் நெல்லாலும் வருவது. ஒவ்வொரு நாளும் விலகிய அளவுக்கு எதிராக முழுதாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் நியம விலகல் ஏறத்தாழ 1.4 மடங்காகிவிடும். நடுக்கோட்டுக்கு மேல் ஏழு புள்ளிகள் நின்றாலும் எட்டாவதுக்குப் பொறுத்திருங்கள். இதைப் பழகத்தான் ஆட்களுக்கு நாள் எடுக்கும். கணக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும்.

இந்த வரைபடம் பொய் சொல்கிற இடமும் ஒன்று உண்டு. ஒரு லொறி நெல் நாலைந்து நாளுக்கு ஓடினால் அந்த நாலைந்து புள்ளிகளும் ஒட்டியே நிற்கும். அப்போது எட்டுப் புள்ளி விதி தேவைக்கு மேல் சத்தம் போடும். லொறி மாறிய நாளில் தாளில் நிலைக்குத்தாக ஒரு புள்ளிக் கோடு போட்டால், படி ஏறுவது லொறியோடா லொறிக்கு நடுவிலா என்று தெரியும். லொறியோடு ஏறினால் நெல்லைப் பாருங்கள், நடுவில் ஏறினால் மெசினைப் பாருங்கள்.

எல்லைகளை எப்போது திரும்பக் கணக்கிடுவது? மாதம் பிறந்தது என்பதற்காக வேண்டாம். நெல்வகை மாறினால், புது மெசின் வந்தால், அவிக்கிற அல்லது காயவைக்கிற முறை மாறினால் மட்டும். காலபோக நெல் முடிந்து சிறுபோக நெல் வரும்போது பத்து நாள் பழைய கோட்டிலேயே ஓடிப் பாருங்கள். புள்ளிகள் வேறு மட்டத்தில் நிலையாக நின்றால் புது இருபது நாள் எடுத்துப் புதுக் கோடு போடலாம். பழைய தாளைக் கிழிக்காதீர்கள். ஒவ்வொரு றோலும் எத்தனை மூட்டைக்குப் பிறகு சரியத் தொடங்கியது என்று அதன் ஓரத்தில் எழுதிவைத்தால், மூன்றாவது றோலுக்கு வரும்போது சத்தம் வரும்வரை காத்திருக்காமல் அந்த மூட்டைக் கணக்குக்குக் கொஞ்சம் முன்னரே றோல்களை இடம் மாற்றிவிடலாம்.